போனில் படம் பிடித்துப் போட்ட செக் திரும்பி வந்தால்: மங்கல் படம், டூப்ளிகேட் பற்றி மட்டக்களப்பிலிருந்து வரும் கேள்விகள்

அமெரிக்காவில் பல வருடம் இருந்துவிட்டு ஓய்வுக்குக் கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் திரும்பியவர்கள் பலர் அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருக்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்கு வந்து ஓரிரண்டு மாதம் நிற்பவர்களும் உண்டு. அங்கிருந்து தபாலில் வரும் செக்கைப் போன் கமராவில் பிடித்துக் கணக்கில் போடப் பார்க்கிறபோதுதான் சிக்கல். கீழே உள்ளவை அமெரிக்க வங்கியின் டொலர் செக்குக்கான பதில்கள். ரூபாய் செக் பற்றிய ஒரு கேள்வியும் பின்னால் வருகிறது.

"செக் கிடைத்தது என்று ஆப் சொல்லிவிட்டது, ஈமெயிலும் வந்தது. அடுத்த நாள் நிராகரித்துவிட்டார்கள். அப்படியென்றால் முதல் சொன்னது என்ன?"

படம் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அந்த ஈமெயில். பணத்துக்கு அது உத்தரவாதமில்லை.

நீங்கள் போடும் செக் மூன்று இடத்தில் பார்க்கப்படுகிறது. முதலில் போனிலேயே ஆப் பார்க்கும்: நான்கு மூலையும் தெரிகிறதா, இருட்டாக இருக்கிறதா, அடியில் உள்ள எண்களை வாசிக்க முடிகிறதா என்று. இங்கே பிடிக்காவிட்டால் உடனே 'திரும்ப எடுங்கள்' என்று வந்துவிடும். இரண்டாவதாக உங்கள் வங்கியின் கணினியும், சந்தேகம் வந்தால் அங்குள்ள ஆட்களும் பார்ப்பார்கள். நீங்கள் தட்டிய தொகையும் செக்கில் எழுதிய தொகையும் ஒன்றா, பின்பக்கம் கையெழுத்து இருக்கிறதா என்பதெல்லாம் இந்தக் கட்டத்தில்தான். மூன்றாவது, செக்கை எழுதியவரின் வங்கி. படம் அங்கே போன பிறகு அவர்கள் பணம் கொடுக்கலாம், திருப்பலாம். அமெரிக்கச் சட்டப்படி, திருப்புவதென்றால் பெற்றுக்கொண்ட நாளுக்கு அடுத்த வேலை நாள் நள்ளிரவுக்குள் அவர்கள் அதைச் செய்ய வேண்டும்.

எந்த இடத்தில் திரும்பியது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. ஆப்பிலேயே உடனே நின்றால் முதல் இடம். கணக்கில் தொகை ஏறாமல், சில மணி நேரத்திலோ அடுத்த நாளோ ஈமெயில் வந்தால் இரண்டாவது. தொகை ஏறி, பிறகு கழிக்கப்பட்டு, சில வேளை கட்டணமும் வெட்டப்பட்டிருந்தால் மூன்றாவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பார்க்காமல் உடனே திரும்பப் படம் எடுத்து அனுப்புவதால்தான் பாதிப் பேருக்கு 'மங்கல்' என்ற பிரச்சினை 'டூப்ளிகேட்' என்ற பெரிய பிரச்சினையாக மாறுகிறது.

"என் போன் கமரா 50 மெகாபிக்சல். படம் கண்ணாடி மாதிரித் தெரியுது. எப்படி மங்கல் என்கிறார்கள்?"

மெகாபிக்சல் இங்கே உதவாது. வங்கிகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் செக் படம் வழக்கமாக ஒரு அங்குலத்துக்கு 200 அல்லது 240 புள்ளிதான். அமெரிக்கத் தனிநபர் செக் 6 அங்குல நீளம். 200 என்று எடுத்தால் குறுக்கே 1200 புள்ளி போதும். பழைய போனும் அதைத் தாராளமாகக் கொடுக்கும்.

நீங்கள் கலரில் பார்க்கிறீர்கள். வங்கிக்கு வேண்டியது கறுப்பு, வெள்ளை இரண்டே நிறம் உள்ள படம். நடுவில் சாம்பல் நிறம் கூடக் கிடையாது. உங்கள் கலர்ப் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் கணினி 'இது கறுப்பா, வெள்ளையா' என்று முடிவு செய்கிறது. இளநீலப் பேனாவால் எழுதிய தொகை அதில் வெள்ளையாகிக் காணாமல் போகலாம். பின்னணியில் மலை, பூ, கொடி என்று அச்சடித்த செக் என்றால் அந்தப் படமே கறுப்பாகி எழுத்தை மூடிவிடலாம். உங்கள் கையின் நிழல் விழுந்த மூலை முழுக் கறுப்பாகிவிடும். வங்கி 'மங்கல்' என்று சொல்வது பல நேரம் போகஸ் பற்றியே அல்ல, இந்த மாற்றத்துக்குப் பிறகு எழுத்து மிஞ்சவில்லை என்பது பற்றி.

எழுதித் தருபவரிடம் சொல்ல வாய்ப்பிருந்தால் கறுப்புப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். வந்துவிட்ட செக்கில் மட்டும் நீங்கள் எழுத்தின் மேல் எழுதித் தடிப்பாக்க வேண்டாம். அது திருத்தம் செய்த செக் ஆகிவிடும், அதற்குப் பிறகு கிளையில் நேரில் கொடுத்தாலும் எடுக்க மாட்டார்கள்.

"செக் அடியில் இருக்கும் அந்த விநோத எழுத்தில் ஒரு எண் மங்கினால் என்ன ஆகும்?"

எந்த எண் என்பதைப் பொறுத்தது. அந்த வரியில் வங்கியைக் காட்டும் 9 இலக்க எண், கணக்கு இலக்கம், செக் இலக்கம் மூன்றும் இருக்கின்றன. காந்த மையில் அச்சடித்தது. வங்கி இயந்திரம் காந்தத்தாலேயே வாசிக்கும். போன் கமராவுக்குக் காந்தம் தெரியாது, கண்ணால் வாசிப்பது போல வடிவத்தைப் பார்த்துத்தான் வாசிக்கிறது. அதனால் ஒரு மடிப்புக் கோடு போதும், எண் மாறிவிடும்.

9 இலக்க எண்ணில் பிழை நேர்ந்தால் ஆப் உடனே பிடித்துவிடும். அதற்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். d1 முதல் d9 வரை என்பது இடமிருந்து வரும் ஒன்பது இலக்கங்கள்:

```
3×(d1+d4+d7) + 7×(d2+d5+d8) + (d3+d6+d9)
```

விடை பத்தால் மீதியின்றிப் பிரிய வேண்டும். பொஸ்டன் மத்திய ரிசர்வ் வங்கியின் எண் 011000015. போட்டுப் பார்த்தால் 0 + 14 + 6 = 20, சரி. கடைசி 5 மங்கி 6 என்று வாசிக்கப்பட்டால் 21, பிரியாது, ஆப் நிறுத்திவிடும். எந்த ஒரு இலக்கம் மாறினாலும் இப்படி மாட்டிக்கொள்ளும்.

செக் இலக்கத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 1087 என்பதை 1081 என்று வாசித்தால் அதுவும் ஒரு நியாயமான செக் இலக்கம்தான். யாரும் தடுக்க மாட்டார்கள். இதனால் வரும் வினை கீழே இருக்கிறது.

"சரி, நம்ம வீட்டில வச்சு எப்படித்தான் படம் எடுக்கிறது?"

காலை ஒன்பது, பத்து மணிக்கு விறாந்தையில், வெயில் நேராகப் படாத இடம் மிக நல்லது. ராத்திரி உச்சி லைட்டுக்குக் கீழே குனிந்து எடுத்தால் உங்கள் தலை நிழல் செக்கில் விழும். பிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைப் புள்ளி விழுந்து தொகையைத் தின்றுவிடும்.

செக்கைக் கரும் நிறத் துணி அல்லது மேசை மேல் வையுங்கள். வெள்ளை மேசைவிரிப்பில் வைத்தால் செக்கின் விளிம்பு எங்கே முடிகிறது என்று ஆப்புக்குத் தெரியாது. பூப்போட்ட விரிப்பென்றால் இன்னும் மோசம். தபாலில் மூன்றாக மடிந்து வந்த செக்கை ஒரு ராத்திரி கனமான புத்தகத்துக்குள் வைத்து எடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்: காற்றில் செக்கின் ஒரு நுனி எழும்பினால் அந்த நுனி மட்டும் போகஸ் தவறும், பெரும்பாலும் அது அடி வரியாகத்தான் இருக்கும்.

பலர் செய்யும் ஒன்று, போனை மிகக் கிட்டக் கொண்டு போவது. புதிய போன்களின் பெரிய லென்ஸால் மிகக் கிட்ட உள்ள பொருளைப் பிடிக்க முடியாது. ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்குங்கள், செக் திரையில் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. அப்புறம் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். ஏசி அறையில் இருந்த போனை நம் ஊர்ப் புழுக்கத்துக்குள் கொண்டு வந்தவுடன் லென்ஸில் ஆவி படியும். பத்து நிமிடம் வெளியே வைத்து, பிறகு எடுங்கள்.

தானாகப் படம் பிடிக்கும் வசதி ஆப்பில் இருந்தால் அதையே விடுங்கள். எல்லாம் சரியாக அமைந்த நொடியில் அது பிடிக்கும். அது பிடிக்கவே மாட்டேன் என்கிறதென்றால் ஏதோ குறை இருக்கிறது. கையால் அழுத்தி அதை ஏமாற்றி அனுப்பிய படங்கள்தான் இரண்டாவது கட்டத்தில் திரும்புகின்றன.

"மங்கல் என்று திருப்பினார்கள், நான் நல்லாத் திரும்ப எடுத்துப் போட்டேன். இப்ப டூப்ளிகேட் என்று சொல்லுது. நான் ஒரு தரம்தானே போட்டேன்?"

உங்களுக்கு ஒரு தரம், வங்கியின் பதிவேட்டில் இரண்டு தரம். ஒரு செக் வந்ததும் வங்கி எண், கணக்கு இலக்கம், செக் இலக்கம், தொகை ஆகியவற்றைச் சேர்த்து வங்கி ஒரு அடையாளமாகப் பதிந்து வைக்கும். அதே அடையாளம் திரும்ப வந்தால் டூப்ளிகேட். முதல் படம் நிராகரிக்கப்பட்ட பின்னும் அந்தப் பதிவு அழியாமல் இருக்கலாம்.

கல்லடியில் ஓய்வாக இருக்கும் ஒரு அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன், எங்கே பிசகியது என்று தெரியும். காப்புறுதிக் கம்பனி ஒன்று 412.60 டொலர் திருப்பிக் கொடுத்து அனுப்பிய செக். வியாழன் பின்னேரம் படம் எடுத்தார், ஆப் ஏற்றது. வெள்ளி இரவு 'படம் வாசிக்க முடியவில்லை' என்று ஈமெயில். சனி காலை நல்ல வெளிச்சத்தில் திரும்ப எடுத்தார். திங்கள் இரவு 'டூப்ளிகேட்' என்று பதில். பயந்துபோய் செவ்வாய் இன்னொரு தரம் போட்டார். அதன் பிறகு ஆப்பில் செக் போடும் வசதியையே வங்கி தற்காலிகமாக நிறுத்திவிட்டது.

தீர்த்த விதம் இது. முதலில் கணக்கறிக்கையைத் திறந்து 412.60 எங்காவது ஏறியிருக்கிறதா, ஏறிக் கழிந்திருக்கிறதா என்று பார்த்தோம். இரண்டும் இல்லை. அப்படியென்றால் செக் வங்கியை விட்டு வெளியே போகவே இல்லை, இரண்டாவது இடத்தில் நின்றிருக்கிறது. அடுத்ததாகக் காப்புறுதிக் கம்பனிக்கு ஒரு கேள்வி: இந்த இலக்கமுள்ள செக்குக்கு உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறதா? போகவில்லை என்று எழுத்தில் பதில் வந்தது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வங்கிக்கு எடுத்துச் சொன்னார்: வியாழன் போட்டது மங்கல் என்று நிராகரிக்கப்பட்டது, சனி போட்டது அதே செக்கின் நல்ல படம், எழுதியவர் கணக்கிலிருந்து பணம் போகவில்லை, முதல் பதிவை நீக்கிச் சனிக்கிழமைப் படத்தை எடுங்கள். எடுத்தார்கள். வங்கி மறுத்திருந்தால் மூலச் செக்கைத் தபாலில் வங்கிக்கு அனுப்பி வைப்பிலிடும் வழி இருந்தது.

வெள்ளி இரவு மங்கல் என்று ஈமெயில் வந்தபோதே அவர் செய்திருக்க வேண்டியது ஒன்று: அந்த ஈமெயிலில் 'திரும்பப் போடுங்கள்' என்று இருக்கிறதா என்று வாசிப்பது. இருந்தால் திரும்பப் போடலாம். இல்லாவிட்டால் முதலில் கேட்க வேண்டும்.

"எங்கட வீட்டு வாடகை செக் இரண்டு ஒன்றாக வந்தது. இரண்டும் வேற வேற. இரண்டாவதை மட்டும் டூப்ளிகேட் என்று திருப்பிட்டாங்க."

ஒரே ஆள், ஒரே கணக்கு, ஒரே தொகை. வித்தியாசம் செக் இலக்கம் மட்டும். அதில் ஒரு இலக்கம் மங்கி, மேலே சொன்னபடி 1087 என்பது 1081 ஆகிவிட்டால், ஜூலை வாடகையும் ஆகஸ்ட் வாடகையும் வங்கிக்கு ஒரே செக். வெளியே தெரிவது டூப்ளிகேட் என்ற வார்த்தை, உண்மையான காரணம் மங்கல் படம்.

கண்டுபிடிப்பது எளிது. ஆப்பில் பழைய வைப்புகளின் படம் இருக்கும். ஏறிய செக்கின் படத்தைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள இலக்கத்தைக் கையில் உள்ள செக்கோடு ஒப்பிடுங்கள். இலக்கம் வேறென்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வங்கியிடம் இரண்டு இலக்கத்தையும், இரண்டு திகதியையும் சொல்லிக் கையால் சரிபார்க்கக் கேளுங்கள். ஒரே இலக்கம் என்றால் நீங்கள் ஏற்கெனவே போட்ட செக்கைத்தான் திரும்பக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

இப்படி மாதாமாதம் ஒரே தொகை வருபவர்கள், செக்குகளை ஒரே நாளில் அடுத்தடுத்துப் போடாமல், முதலாவது ஏறிய பிறகு அடுத்ததைப் போடுவது நல்லது.

"ஆப் எடுக்கேல்ல என்று மகன் அதை இங்க டவுன் வங்கியில குடுத்திட்டார். ஏதும் பிரச்சினையா?"

ஆம், இது பெரிய பிரச்சினையாகலாம். மட்டக்களப்பு வங்கிக் கிளை டொலர் செக்கை எடுத்தால் அதை வசூலுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பும். வாரக்கணக்கில் ஆகும், கட்டணமும் உண்டு, எல்லாக் கிளையும் எடுப்பதுமில்லை. இதற்கிடையில் போனில் போட்ட படம் அமெரிக்காவில் நிலுவையில் இருந்து ஏறிவிட்டால், காகிதச் செக் அங்கே போய்ச் சேரும்போது எழுதியவரின் வங்கிக்கு அது இரண்டாம் தரம் வரும் செக். திருப்புவார்கள். இங்கே கட்டிய கட்டணம் போனது போனதுதான்.

இன்றைக்கே செய்யுங்கள்: அமெரிக்கக் கணக்கில் அந்த வைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இங்குள்ள கிளைக்குப் போய், அனுப்புவதற்கு முன் செக்கைத் திரும்ப வாங்குங்கள்.

"எழுதியவரின் வங்கியே டூப்ளிகேட் என்று திருப்பியிருக்கு. என்ன அர்த்தம்?"

அந்தச் செக்குக்கு யாருக்கோ ஒரு தரம் பணம் போய்விட்டது என்று அர்த்தம். முதலில் உங்கள் கணக்கிலேயே பாருங்கள். கூட்டுக் கணக்கு என்றால் கணவரோ மனைவியோ இன்னொரு வங்கியின் ஆப்பில் போட்டிருக்கலாம். இல்லாவிட்டால் எழுதியவரிடம், பணம் கொடுக்கப்பட்ட செக்கின் முன்பக்கமும் பின்பக்கமும் படமாகக் கேளுங்கள். யார் கையெழுத்து, எந்த வங்கி என்பது பின்பக்கத்தில் தெரியும். உங்கள் ஆட்கள் யாரும் இல்லையென்றால் அது களவு. எழுதியவர் தன் வங்கியில் முறையிட வேண்டும், நீங்கள் உங்கள் வங்கியில்.

"பின்பக்கம் வெறும் கையெழுத்து போதாதா? ஏதோ ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறது."

`For mobile deposit only` என்று கையெழுத்துக்குக் கீழே எழுதுங்கள். வங்கியின் பெயரையும் எழுதச் சொன்னால் அதையும் எழுதுங்கள். இது இல்லாவிட்டாலே சில வங்கிகள் நிராகரிக்கும். காரணம் இருக்கிறது: 2018 ஜூலை 1 முதல் அமலில் உள்ள விதிப்படி, போனில் போட்ட செக்கின் காகிதத்தை வேறொரு வங்கி நல்லெண்ணத்தோடு வாங்கி, அது திரும்பி வந்து நட்டப்பட்டால், படத்தை எடுத்த வங்கியிடம் அது இழப்பீடு கேட்கலாம். இந்த வரி காகிதத்தில் எழுதியிருந்தும் அந்த வேறு வங்கி அதை வாங்கியிருந்தால் கேட்க முடியாது. அதனால்தான் உங்கள் வங்கி இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது.

"இரண்டு தரமும் காசு ஏறிட்டுது. என்ன செய்ய?"

ஒன்றைத் தொடாதீர்கள். வங்கிக்கு நீங்களாகவே சொல்லுங்கள். எப்படியும் ஒன்றைக் கழிப்பார்கள்; அதற்குள் செலவழித்திருந்தால் கணக்கு மைனஸில் போகும், கட்டணமும் சேரும்.

"எழுதியவரிடம் புது செக் கேட்டுவிட்டால் முடிந்தது இல்லையா?"

பழையதற்குப் பணம் போகவில்லை என்று உறுதியான பிறகு கேளுங்கள். அவர் பழைய செக்கை நிறுத்தச் சொல்ல வேண்டும், அதற்கு அவருக்குக் கட்டணம் வரலாம். புதியது கைக்கு வந்த பிறகு பழைய காகிதத்தை எந்தக் காரணத்துக்காகவும் ஆப்பில் போடாதீர்கள். காலமும் பாருங்கள்: எழுதி ஆறு மாதம் கடந்த சாதாரண செக்குக்குப் பணம் கொடுக்க வங்கி கடமைப்பட்டதில்லை. அமெரிக்கத் திறைசேரியின் செக் ஒரு வருடம் செல்லும்.

"இலங்கையில இருந்து போடுறதாலதான் திருப்புறாங்களோ?"

இருக்கலாம், ஆனால் அப்படியென்றால் காரணம் மங்கல் என்று வராது. பல வங்கிகள் தங்கள் ஒப்பந்தத்தில் போன் வைப்பு அமெரிக்காவுக்குள் மட்டும் என்று எழுதியிருக்கின்றன. ஆப்பில் அந்தப் பொத்தானே தெரியாமல் போகும், அல்லது பாதுகாப்புக் காரணம் என்று வரும். இதை மறைக்க விபிஎன் போட்டால் சந்தேகம் கூடிக் கணக்கையே பூட்டக் கூடும். ஒப்பந்தம் அனுமதிக்காவிட்டால் தபாலில் அனுப்புவதே வழி.

வங்கியோடு பேச 1-800 எண்ணை நம்ப வேண்டாம், வெளிநாட்டிலிருந்து அது பெரும்பாலும் எடுபடாது. அட்டையின் பின்பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கென்று வேறு எண் இருக்கும். நியூயோர்க்கில் காலை 9 மணி, கோடையில் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30.

"ரூபாய் செக்குக்கும் இதே கதைதானா?"

இங்கும் 2006 முதல் காகிதம் ஊர்விட்டு ஊர் போவதில்லை, செக்கின் படம்தான் போகிறது. பெரும்பாலும் நீங்கள் கிளையில் கொடுக்க, அவர்கள் ஸ்கேன் செய்வார்கள், அதனால் மங்கல் உங்கள் தலையில் விழாது. திரும்பினால் படமும் காரணமும் உள்ள அறிவித்தல் ஒன்று தருவார்கள், அதை வாங்காமல் வராதீர்கள். வங்கி சரியான பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 எண்ணுக்குச் சொல்லலாம்.

"காசு ஏறிட்டுது. காகிதச் செக்கைக் கிழிக்கலாமா?"

உடனே வேண்டாம். ஏறிய தொகையும் மூன்றாவது இடத்திலிருந்து திரும்பலாம் என்று பார்த்தோம், அப்போது மூலச் செக் இல்லாவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும் என்று வங்கி ஒப்பந்தத்தில் இருக்கும், அதன்படி வையுங்கள். போட்ட அன்றே பென்சிலால் முன்பக்க ஓரத்தில் திகதியை எழுதி, மற்றச் செக்குகளோடு கலக்காமல் தனி உறையில் போடுங்கள். வீட்டில் இன்னொருவர் அதைப் போடாத செக் என்று நினைத்து எடுத்துப் போடுவதும் டூப்ளிகேட்டுக்கு ஒரு காரணம். வைத்திருக்க வேண்டிய நாட்கள் முடிந்ததும் அடி வரி இலக்கங்கள் துண்டாகும்படி சின்னச் சின்னதாகக் கிழித்துவிடுங்கள்.